ஓரம் வெட்டுப்பட்ட கணக்கு, காணாமல் போன 9ஆம் பக்கம்: பையனுக்கு எதுவரை பதில் சொல்லலாம்?

செம்பூர்_எம்டூ

வணக்கம். மும்பை செம்பூரில் இன்ஜினியரிங் முதல் வருடப் பிள்ளைகளுக்கு எம்-டூ கணக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். நேரில் வருபவர்கள் போக, பிடிஎஃப் அனுப்பி டவுட் கேட்பவர்களும் உண்டு. அப்படி ஒரு பையன் அனுப்பிய ஃபைலைப் பற்றித்தான் கேட்கிறேன். தவறிப்போன பாடத்தைக் கேட்டியாக மறுபடியும் எழுதப்போகிறான், பரீட்சை நெருங்கிவிட்டது.

சீனியர் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஃபைலில் 14 பக்கம். ஆனால் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண் 15. எண்ணிப் பார்த்தால் 8க்கு அடுத்து நேராக 10 வருகிறது. 7ஆம் பக்கத்தின் வலது ஓரமும் வெட்டுப்பட்டிருக்கிறது. அவன் கேட்பது மூன்று கணக்கு:

பயிற்சி 1, கணக்கு 6: (D² + 4D + 4)y = e^(−2x) வரை தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் ஏதோ எழுத்தின் பாதி வளைவு, அத்தோடு சரி.

பயிற்சி 1, கணக்கு 8: (D² + 4D + 1 என்று முடிகிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

பயிற்சி 2, கணக்கு 1: (D² + 1)y = cosec x. இது முழுதாக இருக்கிறது. ஆனால் ‘எடுத்துக்காட்டு 4இல் காட்டிய முறையில் செய்க’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த எடுத்துக்காட்டு 4 இருந்தது 9ஆம் பக்கத்தில்.

15ஆம் பக்கத்தில் விடைகள் உண்டு. அந்தப் பக்கத்தின் மேல்பகுதி மங்கிப்போனதால், எந்தப் பயிற்சிக்கான விடைகள் என்று தலைப்பு தெரியவில்லை.

‘முழுசா இல்லை, மறுபடியும் அனுப்பு’ என்று ஒரு வரியில் திருப்பி அனுப்ப எனக்கு மனசில்லை. நானாக ஒன்றை நிரப்பிப் போட்டுக்கொடுக்கவும் மனசில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

வடாலா_கோச்சிங்

மேடம், எம்-டூ கணக்குகள் திரும்பத் திரும்ப வருபவைதான். 6ஆவது கணக்கின் வலது பக்கம் வெறும் e^(−2x). அந்தப் பாதி வளைவு ஜெராக்ஸ் அழுக்காக இருக்கும். சந்தேகம் இருந்தால் விடைப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். விடையை இரண்டு தடவை டிஃபரன்ஷியேட் செய்து இடது பக்கத்தில் போட்டால் வலது பக்கம் தானாக வந்துவிடும். 6க்கு என்ன விடை போட்டிருக்கிறது?

செம்பூர்_எம்டூ

(c₁ + c₂x + x²/2) e^(−2x).

வடாலா_கோச்சிங்

பார்த்தீர்களா! அதைப் போட்டால் வலது பக்கம் சரியாக e^(−2x) வருகிறது. 8ஆவதில் 1 என்று தெளிவாகத் தெரிகிறது, அதை வைத்து சி.எஃப். போடுங்கள். மூன்றாவதை வேரியேஷன் ஆஃப் பாராமீட்டர்ஸில் போட்டு அனுப்பிவிடுங்கள். பரீட்சை நேரத்தில் பையனைக் காத்திருக்க வைக்கக்கூடாது.

டோம்பிவிலி_அம்மா

என் மகனுக்கும் இதே கஷ்டம்தான். போன செமஸ்டர் பரீட்சைத் தாளில் ஒரு கேள்வியின் கடைசி வரி அச்சாகவே இல்லை. அவன் தெரிந்ததை எழுதிவிட்டு வந்தான். அதற்கு மார்க் கொடுப்பார்களா? யாரிடம் எழுதிக் கேட்பது?

செம்பூர்_எம்டூ

அக்கா, இங்கே நாங்கள் பேசுவது பிள்ளைகள் நோட்ஸிலிருந்து அனுப்பும் கணக்குகளைப் பற்றி. உங்களுடையது பரீட்சைத் தாளில் இருந்த குறை, அதைக் கல்லூரிப் பரீட்சைப் பிரிவில்தான் கேட்கவேண்டும். தனி இழையாகப் போடுங்கள், விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

சயான்_கணக்கு

வடாலா தம்பி சொன்ன பின்னோக்கிப் போகும் வழி நல்ல வழிதான். நானும் அதைச் செய்வேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த விடைப் பக்கம் இந்தப் பயிற்சிக்கு உரியதுதானா என்று பார்க்கவேண்டும். நடுவில் ஒரு பக்கம் போன ஃபைலில், தலைப்பில்லாத விடைப் பட்டியலை நம்பக்கூடாது.

இதைச் சோதிக்க வெட்டுப்பட்ட கணக்கு உதவாது. பக்கத்தில் முழுதாக இருக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 5ஆவது கணக்கு என்ன, அதற்கு நேராக என்ன விடை இருக்கிறது என்று சொல்லுங்கள் அம்மா.

செம்பூர்_எம்டூ

5ஆவது: (D² − 1)y = e^(2x). விடைப் பக்கத்தில் 5க்கு நேராக c₁ cos 3x + c₂ sin 3x என்று ஆரம்பிக்கும் ஒன்று இருக்கிறது சார்.

சயான்_கணக்கு

அப்படியானால் அது வேறு பயிற்சியின் விடை. (D² − 1)y = e^(2x) என்பதற்கு c₁e^x + c₂e^(−x) + e^(2x)/3 வரவேண்டும். cos 3x வர வழியே இல்லை. ஆகவே 6க்கு நேராக இருக்கும் x²/2 வேறு ஏதோ 6ஆவது கணக்கினுடையது. நம் கணக்கோடு அது பொருந்துவதுபோல் தெரிவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பயிற்சியிலும் (D + 2)² வந்திருக்கிறது, இந்த அத்தியாயத்தில் அது வராத பயிற்சியே கிடையாது.

இனி 6ஆவது கணக்கில் நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சமக்குறி தெரிகிறது. அதனால் இடது பக்கம் முழுதாக இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். சி.எஃப். (c₁ + c₂x) e^(−2x). இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

வலது பக்கத்தை e^(−2x)·f(x) என்று வைத்துக்கொள்ளுங்கள். y = u·e^(−2x) என்று போட்டால், இடது பக்கத்தில் u-வும் u′-உம் அடிபட்டுப்போய் u″ = f(x) மட்டும் மிஞ்சும். அதாவது தெரியாத f(x)-ஐ இரண்டு தடவை இன்டெக்ரேட் செய்வதுதான் மிச்ச வேலை. f = 1 என்றால் x²/2. f = sin x என்றால் −sin x. f = sec²x என்றால் log sec x. f = 1/x² என்றால் −log x. பையனுக்கு இதை அப்படியே கொடுக்கலாம். ஓரத்தில் என்ன இருந்தது என்று தெரிந்த நிமிடத்தில் அவனே இரண்டு வரியில் முடித்துவிடுவான்.

அந்தப் பாதி வளைவு எப்படி இருக்கிறது? e^(−2x) எழுதிய அதே வரியில் கீழே உட்கார்ந்திருக்கிறதா, மேலே அடுக்கு உயரத்தில் இருக்கிறதா?

செம்பூர்_எம்டூ

கீழே, e-க்குச் சமமாக. பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் வளைவு ஒன்று, கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சின்ன வளைவு. s மாதிரி இருக்கிறது. c-யின் இடது பாதியாக இருந்தால் ஒரே வளைவாக வந்திருக்கும்.

சயான்_கணக்கு

நல்லது. அது அழுக்கு இல்லை, எழுத்து. f = 1 என்பது அதோடு விழுந்துவிட்டது. sin x-ஆக இருக்கலாம், sec²x-ஆக இருக்கலாம்.

8ஆவதுதான் எனக்குக் கவலை. 6ஆவதைப் பார்த்தவுடனே வெட்டுப்பட்டது என்று தெரிகிறது. 8ஆவது முழுதாக இருப்பதுபோல் ஏமாற்றும். அடைப்புக்குறி மூடவில்லை, சமக்குறி இல்லை. ஆகவே கடைசியாகத் தெரியும் 1 என்ற இலக்கத்தையும் நம்ப முடியாது. அது 1-ஆக இருந்தால் மூலங்கள் −2 ± √3. 13-ஆக இருந்தால் −2 ± 3i. முதலாவதில் வெறும் அடுக்குச் சார்புகள், இரண்டாவதில் cos 3x, sin 3x. விடையின் முகமே மாறிப்போகும். வெட்டு எந்த இடத்தில் விழுந்ததோ அதை ஒட்டிய இலக்கத்தைத் தெரிந்ததாகக் கணக்கில் எடுக்கவே கூடாது.

தாராவி_டிடிபி

நான் கணக்கு ஆள் இல்லை, டிடிபி வேலை செய்பவன். கொஞ்சம் இருங்கள், அந்த ஓரம் ஃபைலுக்குள்ளேயே இருக்கலாம்.

பிடிஎஃப்பை கிராப் செய்யும் பல சாஃப்ட்வேர்கள் ஓரத்தை வெட்டி எறிவதில்லை, காட்டாமல் மறைத்து மட்டும் வைக்கும். பக்கத்தின் முழு அளவு MediaBox, திரையில் காட்டும் அளவு CropBox. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் நடுவில் மறைந்த பட்டை ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் poppler-utils இருந்தால் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
pdfinfo -box -f 7 -l 7 notes.pdf
pdftoppm -r 200 -png -f 7 -l 7 notes.pdf pg
```

முதல் வரி அளவுகளைச் சொல்லும். இரண்டாவது அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்துத் தரும். pdftoppm-க்கு நீங்களாக -cropbox என்று சொல்லாதவரை முழு MediaBox-ஐத்தான் எடுக்கும்.

ஒரு விஷயம். -f, -l இரண்டும் ஃபைலில் எத்தனையாவது பக்கம் என்ற கணக்கு, அச்சிட்ட எண் இல்லை. 7 வரைக்கும் இரண்டும் ஒன்றுதான். 10ஆம் பக்கத்துக்குப் போனால் ஒன்று குறைத்துப் போடவேண்டும்.

ஃபோன் ஸ்கேனர் ஆப்பில் எடுத்த பிடிஎஃப்பாக இருந்தால் இது பலிக்காது. அதில் பெரும்பாலும் வெட்டிய பிறகுதான் படம் ஃபைலுக்குள் போகும். ஆனால் எடுத்தவருடைய ஃபோனில் முழுப் படம் இருக்க வாய்ப்பு உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

பக்கம் போனதற்கும் சொல்கிறேன். ஃபீடரில் ஒருபக்கமாக ஸ்கேன் ஓடியிருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிப் பக்கங்கள் போயிருக்கும். உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் போயிருக்கிறது. ஒருபக்கமாக ஜெராக்ஸ் எடுத்த தாள்களில் இரண்டு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். அப்படியானால் அந்தத் தாள் எடுத்தவர் கையில் இன்னும் இருக்கும். திரும்ப ஸ்கேன் செய்தால் போதும்.

ஐரோலி_செகண்ட்செம்

நானும் இந்த செம் எம்-டூ எழுதுகிறேன், மாணவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா? பரீட்சைக்கு முந்தின நாள் ‘உன் ஃபைல் முழுசா இல்லை’ என்று பதில் வந்தால், மேடத்துக்குப் பதில் தெரியவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றும். வேறு இடத்தில் போய்க் கேட்போம். அங்கே யாராவது எதையாவது நிரப்பி ஒரு விடை கொடுத்துவிடுவார்கள். அதை எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வோம். ஆகவே முதலில் தெரிந்ததைப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று சொல்லுங்கள். அப்போது நம்புவோம்.

இன்னொன்று. ‘இதுவாக இருந்தால் இப்படி, அதுவாக இருந்தால் அப்படி’ என்று நாலைந்து கொடுத்தால் நாங்கள் ஒன்றையும் படிக்கமாட்டோம்.

செம்பூர்_எம்டூ

தாராவி தம்பிக்கு ரொம்ப நன்றி. போட்டுப் பார்த்தேன்:

```
Page    7 MediaBox:  0.00  0.00  595.00  842.00
Page    7 CropBox:   0.00  0.00  561.00  842.00
```

34 பாயின்ட், அதாவது கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் பட்டை மறைந்திருந்தது. படத்தில் அது தெரிகிறது. ஆனால் பட்டையின் பாதிக்குமேல் ஜெராக்ஸின் கறுப்பு ஓரம் விழுந்திருக்கிறது. கிடைத்தது இவ்வளவுதான்: 6ஆவதில் se என்ற இரண்டு எழுத்து. 8ஆவதில் 1-க்குப் பக்கத்தில் 3, அப்புறம் மூடும் அடைப்புக்குறி. அதற்குப் பின்னால் கறுப்பு.

சயான்_கணக்கு

ஆக 8ஆவது 13தான். நாம் 1 என்று வைத்துப் போட்டிருந்தால் முழுக்கத் தப்பாகப் போயிருக்கும். இப்போது சி.எஃப். உறுதி: e^(−2x)(c₁ cos 3x + c₂ sin 3x). வலது பக்கம் ஒன்றுமே தெரியாது. பி.ஐ. போட முடியாது, போடவும் வேண்டாம்.

6ஆவதில் se என்றால் sin விழுந்துவிட்டது, sec மிஞ்சுகிறது. ஆனால் sec x-ஆ, sec²x-ஆ என்பது இன்னும் தெரியாது. sec x என்றால் இரண்டாம் தடவை இன்டெக்ரேட் செய்யும்போது log(sec x + tan x) வந்து நிற்கும். அதை நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளில் முடிக்க முடியாது, பயிற்சிக் கணக்காக யாரும் கொடுக்கமாட்டார்கள். sec²x என்றால் அழகாக e^(−2x) log sec x என்று முடிந்துவிடும். ஆகவே sec²x என்பதற்குப் பலமான காரணம் இருக்கிறது. ஆனாலும் இது நாம் யோசித்து எடுத்த முடிவு, தாளில் படித்தது இல்லை. அந்த வித்தியாசம் பையனுக்குத் தெரியவேண்டும்.

வடாலா_கோச்சிங்

8ஆவதில் சார் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். விடைப் பக்கம் வேறு பயிற்சியுடையது என்பதும் சரிதான். 6ஆவதில் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். sec²x தவிர வேறு எதுவும் நடக்காது என்று நீங்களே நிரூபித்துவிட்டு, பிறகு ஏன் ‘உறுதியில்லை’ என்று போட்டு அவனைக் குழப்பவேண்டும்? போட்டு முடித்துக் கொடுங்கள்.

சயான்_கணக்கு

முடித்துக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. முடித்தே கொடுக்கட்டும். எந்த வரியிலிருந்து நம் யூகம் ஆரம்பிக்கிறது என்று அந்த வரியிலேயே எழுதிவிட்டால் போதும். பதிலின் அடியில் பொதுவாக ஒரு எச்சரிக்கை போட்டால் யாரும் படிப்பதில்லை. பின்னால் e^(−2x) sec x tan x என்று அசல் தாளில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அதுவும் se-யில்தான் ஆரம்பிக்கிறது. முதல் தடவை sec x, இரண்டாம் தடவை log(sec x + tan x), அதுவும் அழகாக முடிகிறது.

வடாலா_கோச்சிங்

அது எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் எம்-டூவில் sec²x-தான் வழக்கம் என்பேன்.

செம்பூர்_எம்டூ

அவனுக்கு அனுப்ப எழுதியிருப்பது இது. பார்த்துச் சொல்லுங்கள்.

‘தம்பி, உன் ஃபைலில் அச்சிட்ட 9ஆம் பக்கம் இல்லை. 7ஆம் பக்கத்தின் வலது ஓரமும் வெட்டுப்பட்டிருக்கிறது. மறைந்திருந்த பகுதியை எடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் கிடைத்தது, அதை வைத்துச் செய்திருக்கிறேன்.

பயிற்சி 2, கணக்கு 1: விடை c₁ cos x + c₂ sin x − x cos x + sin x log sin x. இது உறுதி. நான் போட்டது வேரியேஷன் ஆஃப் பாராமீட்டர்ஸ். எடுத்துக்காட்டு 4 எந்த முறை என்று எனக்குத் தெரியாது. வேறு முறையாக இருந்தாலும் விடை இதுவேதான், செய்முறை மட்டும் மாறும்.

பயிற்சி 1, கணக்கு 6: சி.எஃப். (c₁ + c₂x) e^(−2x), இது உறுதி. வலது பக்கத்தில் e^(−2x) se வரைதான் தெரிகிறது. இந்த இடத்திலிருந்து sec²x என்று நான் எடுத்துக்கொண்டு செய்கிறேன்: பி.ஐ. e^(−2x) log sec x. அசலில் வேறாக இருந்தால் y = u·e^(−2x) போட்டதும் வரும் u″ = f(x) என்ற வரியிலிருந்து திரும்பச் செய்.

பயிற்சி 1, கணக்கு 8: தாளில் 1 என்று தெரிவது உண்மையில் 13. சி.எஃப். e^(−2x)(c₁ cos 3x + c₂ sin 3x). வலது பக்கம் ஃபைலில் இல்லவே இல்லை. ஆகவே முழு விடை என்னால் சொல்ல முடியாது.

15ஆம் பக்க விடைகளை பயிற்சி 1-க்கு ஒப்பிடாதே, அவை வேறு பயிற்சியுடையவை. 7ஆம் பக்கத்தின் வலது ஓரத்தை மட்டும் கிட்டத்தில் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. 9ஆம் பக்கத்துக்குத் தாள் வைத்திருப்பவரைக் கேள்.’

sec x tan x-ஐயும் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஐரோலி தம்பி சொன்னதை நினைத்து விட்டுவிட்டேன்.

சயான்_கணக்கு

நன்றாக இருக்கிறது அம்மா. நானாக இருந்தால் sec x tan x-ஐ அரை வரியில் சேர்ப்பேன். இரண்டுதான் ஆகிறது, நாலைந்து இல்லையே.

ஐரோலி_செகண்ட்செம்

எனக்கு இப்படி வந்தால் போதும். இரண்டு இருந்தால் பரவாயில்லை சார். ஆனால் எதை மேடம் நம்புகிறார்கள் என்று தெரியவேண்டும்.

வடாலா_கோச்சிங்

ஒரு கேள்வி. 8ஆவதுக்கு முழு விடை இல்லை. இதை டவுட் தீர்ந்ததாகக் கணக்கில் எடுத்துப் பணம் வாங்குவீர்களா? எங்கள் சென்டரில் விடை இல்லாத டவுட்டுக்குக் காசு கிடையாது. பசங்க இப்படி ஓரம் போனதை அனுப்பும்போது மாஸ்டருக்குத்தான் நேரம் போகிறது.

செம்பூர்_எம்டூ

8ஆவதுக்கு வாங்கவில்லை. ஓரத்தின் ஃபோட்டோ வந்தால் மீதியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்வேன். அந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்த நேரத்துக்கு என்ன கணக்கு என்று எனக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் நல்லது.

தாராவி_டிடிபி

அந்த 15ஆம் பக்கத்து மங்கல் தலைப்பையும் 200க்குப் பதில் 400 போட்டு எடுத்துப் பாருங்கள் மேடம். ஃபைலில் அது 14ஆவது, -f 14 -l 14. ஸ்கேனே குறைந்த டிபிஐயில் எடுத்திருந்தால் பயன் இருக்காது, ஆனால் ஒரு தடவை பார்ப்பதில் நஷ்டம் இல்லை.